கமிஷன் என்று நினைத்து விட்டுவிட்ட வரிப்பணம்

திருப்பூரிலிருந்து ஆன்லைன் சந்தையில் டி-ஷர்ட் விற்கும் ஒருவர் கணக்கை எடுத்து வந்தார். வங்கிக்கு வந்த தொகையை மட்டும் விற்பனையாக எழுதியிருந்தார். சந்தை நிறுவனம் தரும் செட்டில்மென்ட் அறிக்கையில் டிசிஎஸ் என்ற வரியைக் காட்டிக் கேட்டேன். "அதுவும் கமிஷன்ல சேர்ந்ததுன்னு நினைச்சேன் சார்" என்றார்.

அது கமிஷன் இல்லை, சந்தை நிறுவனம் விற்பனைப் பணத்தில் பிடித்து அவர் பெயரில் அரசுக்குக் கட்டிய ஜிஎஸ்டி. 2024 ஜூலை 10 முதல் இதன் விகிதம் 0.5 சதவீதம், அதற்கு முன்பு 1 சதவீதம். திரும்பி வந்த சரக்கைக் கழித்த நிகர விற்பனையில், ஜிஎஸ்டி சேர்க்காத மதிப்பில் பிடிப்பார்கள்.

அவருடைய ஒரு மாதத்தைப் பார்ப்போம். விற்பனை 4,00,000 ரூபாய், ரிட்டர்ன் வந்தது 80,000, நிகரம் 3,20,000. டிசிஎஸ் 1,600. அதில் தமிழ்நாட்டுக்குள் விற்ற 1,20,000-க்கு சிஜிஎஸ்டி 300, எஸ்ஜிஎஸ்டி 300. வெளிமாநிலத்துக்குப் போன 2,00,000-க்கு ஐஜிஎஸ்டி 1,000.

சந்தை நிறுவனம் பிடித்த டிசிஎஸ்ஸைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-8 படிவத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும். ஆனால் அந்தப் பணம் தானாக நம் கணக்கில் ஏறாது. பலர் ஏமாறுவது இங்கேதான். ஜிஎஸ்டி தளத்தில் Services > Returns பகுதியில் TDS and TCS Credit Received என்பதைத் திறந்து, தொகையைச் சரிபார்த்து, Accept கொடுத்து, தாக்கலும் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் வரி கட்டப் பயன்படும் நம் எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் வரும். இவர் ஒரு மாதம்கூட இதைச் செய்யவில்லை. உள்ளீட்டு வரி போக மீதியை மாதாமாதம் சலான் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பழைய மாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றோம். ஐஜிஎஸ்டி தலைப்பில் நின்ற பணத்தை PMT-09 படிவம் மூலம் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்கு மாற்றி, வரி கட்டும் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் அடுத்த முறை கழித்தோம்.

தொகை பொருந்தாவிட்டால் Reject கொடுக்கலாம், சந்தை நிறுவனம் திருத்த வேண்டும். ஆனால் முதலில் சரக்கு ரிட்டர்ன் எந்த மாதத்தில் விழுந்தது என்று பாருங்கள். மார்ச் கடைசியில் விற்றது ஏப்ரலில் திரும்பினால், கழிவு ஏப்ரலில்தான் தெரியும். அது பிழை ஆகாது. வங்கித் தொகையை விற்பனையாக எழுதியதுதான் உண்மையான பிழை. நம் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1-இல் கமிஷன் கழிக்காத விற்பனை வர வேண்டும். குறைத்துக் காட்டினால், ஜிஎஸ்டிஆர்-8-இல் உள்ள தொகையோடு ஒப்பிட்டு நோட்டீஸ் வரும்.

இதே அறிக்கையில் வருமான வரிக்கான டிடிஎஸ் இன்னொரு வரியாக இருக்கும். 2024 அக்டோபர் முதல் அது மொத்த விற்பனையில் 0.1 சதவீதம். அதை 26ஏஎஸ் படிவத்தோடு ஒப்பிட்டு, ஆண்டு முடிவில் வருமான வரி ரிட்டர்னில்தான் கழிக்க வேண்டும். ஜிஎஸ்டி டிசிஎஸ்ஸை அங்கே கொண்டுபோகக் கூடாது. இவர் இரண்டையும் கமிஷன் செலவில் சேர்த்திருந்ததால், அந்த ஆண்டு லாபக் கணக்கையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது.