நடுக்கடலில் வலப்பக்க வயிற்றுவலி வந்தால்

மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் பக்கம் பிள்ளையைக் கப்பல் வேலைக்கு அனுப்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கப்பல்ல டாக்டர் இருப்பாராப்பா?" என்றுதான். சரக்குக் கப்பலில் இருக்க மாட்டார். 100 பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு 3 நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். இருபத்துச் சொச்சம் பேர் உள்ள கப்பலில், மருத்துவப் பயிற்சி முடித்த என்னைப் போன்ற ஓர் அதிகாரியிடம்தான் மருந்துப் பெட்டியின் சாவி இருக்கும். கரையிலிருக்கும் மருத்துவர் சாட்டிலைட் போனிலோ மின்னஞ்சலிலோ சொல்வார், நாங்கள் செய்வோம். ரோமில் உள்ள சி.ஐ.ஆர்.எம். என்ற மையம் 1935-லிருந்து எந்த நாட்டுக் கப்பலுக்கும் இந்த ஆலோசனையை இலவசமாகத் தருகிறது. கப்பலில் உள்ள இன்மார்சாட் என்ற சாட்டிலைட் தொடர்புக் கருவியில் 32 என்ற எண்ணை அழுத்தினாலும் மருத்துவ ஆலோசனைக்கு இணைப்புக் கிடைக்கும்.

போன் போடுவது சுலபம். மருத்துவர் கேட்கிற கேள்விக்குப் பதில் கையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு நோயாளியை வைத்தே சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவின் சுந்தா நீரிணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மொரீஷியஸைத் தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. முன்னால் ஒரு வாரத்துக்குக் கரையே கிடையாது. இன்ஜின் ரூமில் ஆயிலராக இருந்த திருமுல்லைவாசல் பையன் காலை டிபனுக்கு வரவில்லை. கேபினில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்தான். "ஒண்ணும் இல்லண்ணே, வாயுதான். ராத்திரி ஓமவாட்டர் குடிச்சேன். விளக்கெண்ணெய் இருந்தா ஒரு வாய் குடுங்க, சரியாயிடும்" என்றான்.

நம் ஊரில் வயிற்றுவலி என்றாலே வாயு அல்லது சூடு, இரண்டில் ஒன்று. பேதிக்குக் கொடுத்தால் தீரும் என்று பாட்டி காலத்திலிருந்து நம்பிக்கை. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் குடல் வேகமாக இயங்கி, வீங்கிய வால் உடையும் ஆபத்து கூடுகிறது. காரணம் தெரியாத வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெயோ எனிமாவோ வேறு எந்தப் பேதி மருந்தோ கொடுக்கவே கூடாது.

வலி எங்கே தொடங்கியது என்று கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலித்ததாம். நடுராத்திரிக்கு மேல் வலப்பக்கம் கீழே இறங்கி நிலைத்துவிட்டது. ஒருமுறை வாந்தி, பசியே இல்லை. வலி இப்படி இடம் மாறினால் முதலில் குடல்வாலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்புறம் சோதனை. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலியில்லாத இடப்பக்கத்திலிருந்து மெதுவாக அழுத்தி வர வேண்டும். கண் வயிற்றில் இருக்கக் கூடாது, முகத்தில் இருக்க வேண்டும். வலப்பக்க இடுப்பெலும்பு முனைக்கும் தொப்புளுக்கும் இடையே கை வந்ததும் அவன் முகம் சுருங்கியது. இருமச் சொன்னேன், ஒரே விரலால் அதே இடத்தைத் தொட்டுக் காட்டினான். காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 98. இன்ஜின் ரூமில் வியர்த்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் சகஜம் என்பதால் சிறுநீரைக் குச்சிப் பட்டையில் சோதித்தேன், இரத்தம் இல்லை. குடலிறக்கமோ விதைப்பை வலியோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இத்தனையையும் நேரத்தோடு எழுதி, ஒவ்வாமை உண்டா, கப்பலின் இருப்பிடம், வேகம், அடுத்த துறைமுகத்துக்கு எத்தனை மணி நேரம், கைவசம் உள்ள மருந்துகள் என்று சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் போன் போட்டோம். மருந்துகளை வேதிப்பெயரில்தான் எழுத வேண்டும். நம் ஊர்க் கடையில் விற்கும் பிராண்ட் பெயர் வெளிநாட்டு மருத்துவருக்கு ஒன்றும் சொல்லாது. பட்டியலில் இருப்பது பெட்டியில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

மருத்துவர் குடல்வால் அழற்சியாகவே எடுத்துக்கொண்டார். சாப்பாடு கூடாது, மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்குத் தண்ணீர். 8 மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் சலைன். செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் தசையில், இரண்டு புட்டத்திலும் ஒவ்வொரு கிராமாக, மறுநாளிலிருந்து தினம் 1 கிராம். மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மாத்திரை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. நான் எழுதியதை அப்படியே திருப்பிப் படித்துக் காட்டி, மின்னஞ்சலிலும் உறுதி வாங்கிக்கொண்டேன். கரகரக்கும் இணைப்பில் மில்லிகிராமும் மில்லிலிட்டரும் ஒன்றுபோலத்தான் காதில் விழும்.

செஃப்ட்ரையாக்சோன் தூளாக வரும். தசையில் போட்டால் நன்றாக வலிக்கும் என்பதால் ஒரு கிராம் குப்பிக்கு 3.5 மில்லி 1 சதவீத லிடோகெய்ன் விட்டுக் கலக்கினோம். இந்தக் கலவை இரத்தக் குழாயில் போகவே கூடாது. புட்டத்தின் மேல்புற வெளிப்பக்கக் கால்வாசிப் பகுதியில் ஊசியைச் செலுத்தி, பிஸ்டனைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் மருந்தை உள்ளே தள்ள வேண்டும். கையில் சலைன் ஓடுகிறதே, அதிலேயே விட்டுவிடலாம் என்று அவசரத்தில் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும்.

கரைக்குக் கொண்டுபோகச் சொல்லி மருத்துவர் எழுத்தில் தந்தார். முடிவு எடுக்க வேண்டியவர் கேப்டன், அவர் உடனே கப்பலைத் திருப்பினார். அந்தத் தூரத்துக்கு ஹெலிகாப்டர் வராது. மொரீஷியஸின் போர்ட் லூயிஸுக்குக் கப்பலிலேயே இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளும் மணிக்கு ஒருமுறை நாடி, காய்ச்சல், இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எழுதினோம். இரண்டாம் இரவு "வலி விட்டுடுச்சுண்ணே" என்றான். இந்த இடத்தில் சந்தோஷப்படுவதற்கு முன்னால் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். குடல்வால் உடைந்தாலும் சிறிது நேரத்துக்கு வலி குறையும். அப்போது நாடி ஏறும், காய்ச்சல் கூடும், வயிறு பலகை மாதிரி இறுகும். அவனுக்கு நாடி 82-க்கு இறங்கியிருந்தது, காய்ச்சலும் தணிந்திருந்தது, வயிறு மென்மையாக இருந்தது. மருந்து கேட்டிருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் சொன்னேன்.

அதற்காக போர்ட் லூயிஸ் போகும் வழியை மாற்றவில்லை. ஆன்டிபயாடிக் நேரத்தை வாங்கித் தருகிறது, நோய் தீர்ந்தது என்பதற்கு உத்தரவாதம் தருவதில்லை. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில்கூட, பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. போர்ட் லூயிஸில் இவனுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வால் வீங்கியிருந்தது, உடையவில்லை. எந்த மருந்து எத்தனை மணிக்குப் போட்டோம் என்ற தாளைப் படகில் அவனோடு அனுப்பியிருந்தோம்.

முந்தின சாயங்காலமே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்காது என்று பயந்தேன் என்றான். கப்பலில் இருக்கும்போது ஆகும் மருத்துவச் செலவு மாலுமியுடையது அல்ல, கப்பல் உரிமையாளருடையது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைச் சொல்கிறது. கப்பலேறும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருப்பவர்கள் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நாகை, அக்கரைப்பேட்டையிலிருந்து பல நாள் தங்கல் போகும் விசைப்படகுகளில் மருந்துப் பெட்டியும் ஊசி போடத் தெரிந்தவரும் இருப்பது அரிது. அங்கே வயிற்றுவலி இப்படி வலப்பக்கம் இறங்கினால், சாப்பாட்டை நிறுத்திவிட்டு வி.எச்.எஃப். 16-ஆம் சேனலில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடுங்கள். செல்போன் எட்டும் தூரமென்றால் 1554. வலி தொடங்கிய நேரத்தையும் ஜி.பி.எஸ். இருப்பிடத்தையும் முதலில் சொல்லுங்கள். விடியட்டும், வலையை எடுத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.