செல்போன் வாங்கிய ஐந்தாம் நாள் வரும் சந்தேகம்

ஈரோட்டில் நுகர்வோர் வழக்குகளை நடத்திவரும் எனது அலுவலகத்துக்குச் செல்போன் குறித்து வருகிறவர்களில் கணிசமானோரின் போனில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. வாங்கிய சில நாட்களுக்குள், தவறானதை வாங்கிவிட்டோமோ, அதிக விலை கொடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் அவர்களை அரிக்கத் தொடங்கியிருக்கும். இந்த மனநிலையை விளக்கும் கோட்பாட்டை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் முன்வைத்தார். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, கைவிட்ட பொருளின் நிறைகளும் கைக்கு வந்த பொருளின் குறைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் பிறக்கும் உளைச்சல் இது. விலை பெரிதாக இருந்தாலும், திருப்பிக் கொடுக்க வழியில்லாவிட்டாலும், கைவிட்ட பொருளும் ஏறக்குறைய இதே தரத்தில் இருந்தாலும் அது கூடும். செல்போனில் இம்மூன்றும் சேர்ந்தே அமைகின்றன.

சென்னிமலைப் பகுதியில் பெட்ஷீட் நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் அனுபவத்தை, அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறேன். வாங்கிய ஐந்தாம் நாள் பில்லும் பெட்டியுமாக வந்து, "ஏனுங்க சார், இதைத் திருப்பிக் குடுக்க முடியுங்களா? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லீங்க" என்றார். போனில் என்ன கோளாறு என்று கேட்டேன். "கோளாறெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பக்கத்து வீட்டுத் தம்பி, இதே போனு ஆன்லைன்ல கம்மியா வருதுன்னு சொல்லிப்போட்டானுங்க" என்றார். அவர் வந்த வழியைப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனபோது, சந்தேகத்தின் வேர் விலையில் இல்லை, தேவையை உணர்ந்த முதல் கட்டத்திலேயே இருந்தது என்பது தெரிந்தது.

தேவை என்பது, இப்போதிருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் இடையிலான தூரத்தை ஒருவர் உணர்வது. அவருக்கு அது இரண்டு இடங்களிலிருந்து வந்திருந்தது. நெய்த பெட்ஷீட்டுகளைப் படமெடுத்து வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவர் வேலை. நான்கு ஆண்டுப் பழைய போன் ஒரு நாள் நண்பகலிலேயே அணைந்துபோய், ஒரு வியாபாரியின் ஆர்டர் கைதவறிப் போயிற்று. அதே வாரம் உறவினர் வீட்டுச் சீர் ஒன்றில், நாத்தனாரின் புதிய போன் எடுத்த படங்களை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். முதலாவது உண்மையான குறை, இரண்டாவது ஆசை. ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் இரண்டும் ஒரே பெயரில் கடைக்குப் போனால், ஆசைக்கு விலை கொடுத்துவிட்டுக் குறை தீர்ந்ததா என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

அவருடைய பழைய போனை வாங்கிப் பார்த்தேன். 64 ஜிபி சேமிப்பிடத்தில் ஏறக்குறைய 61 நிறைந்திருந்தது, அதில் பெரும்பங்கு வாட்ஸ்அப் படங்களும் வீடியோக்களும். சேமிப்பிடம் நிரம்பினால் போன் தடுமாறும், நான்கு ஆண்டு ஓடிய லித்தியம் பேட்டரி பழைய அளவுக்குச் சார்ஜ் தாங்காது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோய், வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும் அளவுக்குப் பழையதாகிவிட்ட போன் என்றால் மட்டும் பேட்டரி மாற்றுவதில் பயனில்லை. அவருடையது அந்த நிலைக்கு வந்திருக்கவில்லை.

தகவல் தேடும் கட்டத்தில் அவர் கேட்டது மூன்று பேரிடம்: மகன், நாத்தனார், கடையில் நின்ற இளைஞர். கடையில் விளக்கம் சொல்கிறவர் சில சமயம் கடை ஊழியராக இருப்பதில்லை. குறிப்பிட்ட நிறுவனம் தன் போன்களை விற்பதற்காகச் சம்பளமும் ஊக்கத்தொகையும் கொடுத்து நிறுத்தியிருக்கும் புரமோட்டராக இருப்பார். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மற்ற நிறுவனங்களின் போன்களைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். "நீங்க எந்த கம்பெனிங்க தம்பி?" என்று கேட்டுவிட்டால் அந்த விளக்கத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

ஒப்பிடும் கட்டத்தில்தான் எண்கள் நம்மைத் திசைதிருப்புகின்றன. '8+8 ஜிபி ரேம்' என்று எழுதியிருந்தால் உண்மையான ரேம் 8 மட்டுமே, மீதி 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கப்படுவது, ரேமின் வேகம் அதற்கு இருக்காது. 50 மெகாபிக்சல் கேமராக்கள் பல, நான்கு புள்ளிகளை ஒன்றாக இணைத்து, வழக்கமாக 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. நெசவாளருக்கு வேண்டியது வேறு: அரக்குச் சிவப்பு படத்திலும் அரக்காகவே தெரிய வேண்டும். ஒரு துண்டுத் துணியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே இரண்டு போன்களில் படமெடுத்து, வாசல் வெளிச்சத்தில் துணியோடு வைத்துப் பார்த்திருந்தால், விளம்பரத்தில் இருந்த எந்த எண்ணும் சொல்லாததை அந்தப் படங்கள் சொல்லியிருக்கும்.

வாங்குவோம் என்று மனம் தீர்மானித்ததற்கும் பில் போடுவதற்கும் இடையில் இருக்கும் அரை மணி நேரத்தை யாரும் ஒரு கட்டமாக நினைப்பதில்லை. அவர் 15,000 ரூபாய்க்குள் என்று முடிவு செய்துதான் வீட்டிலிருந்து புறப்பட்டார். வட்டியில்லாத் தவணை என்றவுடன் 23,999 ரூபாய் போன் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் தெரிந்தது. அதே போனை ரொக்கத்துக்கு 22,500க்குத் தருவதாக அதே கடை சொல்லியிருந்தது, ஆகவே வட்டி என்ற பெயரில் கடை வாங்காத தொகையை, தள்ளுபடியை இழந்ததன் மூலம் அவர் கொடுத்தார். அதன்மேல் கடன் பரிசீலனைக் கட்டணம் 499, உறையும் டெம்பர் கிளாஸும் 600, கூடுதல் பாதுகாப்புத் திட்டம் என்று 1,499. மொத்தம் 26,597 ரூபாய், ரொக்க விலையைவிட 4,097 அதிகம். பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வாங்கியதே அவருக்குத் தெரியாது. பில்லை அவர் முழுதாகப் படித்தது எனது மேசையில்தான்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனம் மாறியதற்காகக் கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நமது சட்டம் தரவில்லை. குறைபாடுள்ள பொருளுக்கோ உரிமை உண்டு. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. எனவே, சந்தேகம் எழுந்ததும் முதலில் பிரித்தறிய வேண்டியது, குறை போனில் இருக்கிறதா மனத்தில் இருக்கிறதா என்பதைத்தான். *#06# என்று அழுத்தினால் வரும், போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சார்ஜ் போடும்போது அளவுமீறிச் சுடுகிறதா, அழைப்பு பாதியில் அறுந்துபோகிறதா, திரையில் கறை தெரிகிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துத் தேதியோடு எழுதிவையுங்கள். அப்படி ஏதேனும் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை.

அந்தப் பெண்மணியின் போனில் எண்கள் பொருந்தின, பழுது ஏதும் இல்லை. பாதுகாப்புத் திட்டத்தின் விதிகளில் மட்டும் ஏழு நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்றிருந்தது. அன்றே எழுதிக் கொடுத்தோம், 1,499 ரூபாய் திரும்ப வந்தது. "அப்ப போனு என்னங்க சார் பண்றது?" என்று கேட்டார். இனி ஆன்லைனில் அதன் விலையைப் பார்க்க வேண்டாம் என்றும், ஒரு வாரம் தமது பெட்ஷீட்டுகளை அதில் படமெடுத்து வியாபாரிகளுக்கு அனுப்பிப் பார்க்கும்படியும் சொன்னேன். அடுத்த மாதம் வேறு வேலையாக வந்தபோது புதிய போன் அவர் கையில் இருந்தது. பழையதற்குப் பேட்டரி மாற்றி, படங்களை அழித்து, கணவரிடம் கொடுத்திருந்தார். தறிக்கொட்டகையில் அது மாலை வரைக்கும் நிற்கிறது என்றார்.