நாளைக்குப் பரமங்கனேற்று நியமிப்பா? இன்றைக்கே வாயால் சொல்லிப் பாருங்கள்

உயர்தரப் பிள்ளைகள் செய்முறைக் கைநூலை வாசிக்காமல் வருவதில்லை, சிலர் வரிக்கு வரி பாடமாக்கிக்கொண்டே வருவார்கள். ஆனால் ஆய்வுகூட வாசலில் நிறுத்தி "இதை ஏன் மனே சூடாக்கச் சொல்லியிருக்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். மட்டக்களப்பில் இரசாயனவியல் படிப்பிக்கும் நான் செய்முறைக்கு முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: கைநூலின் ஒவ்வொரு வரியையும் வீட்டில் யாருக்காவது சத்தமாக விளக்குங்கள், ஏன் செய்கிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், கண்ணுக்கு என்ன தெரியும் என்று. கேட்பவருக்கு இரசாயனம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

சோடியம் ஒட்சலேற்றைக் கொண்டு பொற்றாசியம் பரமங்கனேற்றின் செறிவைக் காணும் நியமிப்பையே எடுப்போம். அளவியில் பரமங்கனேற்று, குடுவையில் 0.05 mol dm⁻³ ஒட்சலேற்று 25.00 cm³.

முதலில் விடையிலிருந்து தொடங்குங்கள்.

2MnO₄⁻ + 5C₂O₄²⁻ + 16H⁺ → 2Mn²⁺ + 10CO₂ + 8H₂O

குடுவையில் இருப்பது 0.00125 மூல் ஒட்சலேற்று. ஐந்துக்கு இரண்டு என்ற விகிதத்தில் அதற்கு 0.0005 மூல் பரமங்கனேற்று வேண்டும். போத்தலில் "ஏறத்தாழ 0.02 mol dm⁻³" என்று எழுதியிருந்தால் வாசிப்பு 25 cm³ அளவில் வரவேண்டும். இந்த எண் மனதில் இருக்கும் பிள்ளை, 12 இல் முடிந்தாலோ 35 தாண்டியும் நிறம் நிலைக்காவிட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி, என்ன பிழை என்று தேடும்.

அடுத்தது அமிலம். 1 mol dm⁻³ ஐதான சல்பூரிக்கமிலம் 25 cm³ அளவு சேர்க்கிறோம். ஏன் ஐதரோகுளோரிக்கமிலம் இல்லை? பரமங்கனேற்று குளோரைட்டையும் ஒட்சியேற்றிக் குளோரீன் ஆக்கும், அதனால் வாசிப்பு கூடும். நைத்திரிக்கமிலம் தானே ஒட்சியேற்றி, ஒட்சலேற்றைத் தின்றுவிட்டால் வாசிப்பு குறையும். அமிலம் போதாவிட்டால் குடுவை தேயிலைச் சாயம்போல் கபிலமாகிக் கலங்கும், அது மங்கனீசு ஈரொட்சைட்டு. அந்த வாசிப்பை நம்பாமல் ஊற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். செறிந்த அமிலப் போத்தல் பக்கத்தில் இருந்தாலும் கை வைக்கக்கூடாது, திண்மப் பரமங்கனேற்றோடு அது சேர்ந்தால் வெடிக்கக்கூடிய ஒட்சைட்டு உண்டாகும். ஒட்சலேற்று நஞ்சு, ஆகவே குழாயியை வாயால் உறிஞ்சவே வேண்டாம், றப்பர் பல்ப் இருக்கிறது.

இப்போது சூடு. இங்கேதான் ஆட்கள் தடுமாறுவது. ஒட்சலேற்று அறை வெப்பநிலையில் பரமங்கனேற்றோடு மிக மெதுவாகத்தான் தாக்கமடையும், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலிலும் அது போதாது. அதனால்தான் 60–70 °C. கொதிக்க விட்டால் ஒட்சாலிக்கமிலம் பிரிந்து வாசிப்பு குறையும், ஆகவே வெப்பமானியைப் பார்த்தே இறக்குங்கள், குடுவைக் கழுத்தை மடித்த துணியால் பிடியுங்கள்.

சூடாக இருந்தாலும் முதல் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். "சேர், முடிவுப்புள்ளி வந்திட்டு!" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும், அளவியைப் பார்த்தால் 0.20. நான் விடையைச் சொல்வதில்லை, "எவ்வளவு வரணும் என்று நேற்றுச் சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்பேன். "இருபத்தைந்து…" என்று இழுக்கும்போதே, சுழற்றிக்கொண்டிருந்த குடுவை தெளிந்திருக்கும். இந்தத் தாக்கத்துக்கு ஊக்கி அதிலேயே உண்டாகும் Mn²⁺ தான், முதல் துளிகள் தாக்கமடைந்து அது கொஞ்சம் சேர்ந்த பிறகு அடுத்த துளிகளின் நிறம் விழுந்தவுடனேயே மறையும். தொடக்கத்தில் அவசரப்பட்டு நிறைய விட்டாலும் கபிலம் வரும். வேறு காட்டி தேவையில்லை, ஒரே ஒரு துளியில் வந்த மெல்லிய இளஞ்சிவப்பு 30 செக்கன் நின்றால் அதுதான் முடிவு. குடுவை இடையில் ஆறிவிட்டால் மறுபடி சூடாக்குங்கள், இல்லாவிட்டால் பொய் முடிவு ஏமாற்றும்.

பரமங்கனேற்றின் கடும் ஊதாவில் பிறையுருவின் அடி தெரியாது, அதனால் மேல் விளிம்பை வாசிக்கிறோம், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி. புனலை எடுத்துவிட்டே வாசியுங்கள்.

அப்புறம், வாவிக்கரைப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரால் ஒட்சலேற்றுக் கரைசலைத் தயாரிக்க வேண்டாம், அதில் கல்சியம் இருந்தால் கல்சியம் ஒட்சலேற்று வெள்ளையாக வீழ்படிவாகும், காய்ச்சி வடித்த நீரே வேண்டும். அளவியை முடிந்த கையோடு கழுவுங்கள், கபிலக் கறை பிடித்துவிட்டால் அமிலம் சேர்த்த ஒட்சலேற்றுக் கரைசல் கொஞ்சம் விட்டால் கரைந்துபோகும், அது ஏன் என்பதையும் இன்றிரவு வீட்டில் சொல்லிப் பாருங்கள்.