பெனடோல்: வணிகக்குறி பொதுப்பெயராகும்போது

ஹட்டன் பக்கம் எந்தக் கடைக்குப் போய் "முதலாளி, ரெண்டு பெனடோல் குடுங்க" என்று கேட்டாலும் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுப்பார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டரய்யா சின்ன உறையில் போட்டுத் தரும் வெள்ளை மாத்திரைக்கும் லயத்தில் அதே பெயர்தான். "போனேன், வெறும் பெனடோல்தான் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வருவார்கள். கடையில் வாங்கியது பெனடோல்தான். உறையில் வந்தது பெரும்பாலும் பெனடோல் இல்லை. ஆனால் இரண்டுக்குள்ளும் இருக்கும் மருந்து ஒன்றே. அதன் பெயர் பரசிட்டமோல்.

பெனடோல் என்பது ஒரு வணிகக்குறி. அதாவது, இந்தச் சரக்கு இன்னாருடையது என்று காட்டுவதற்காக ஒரு நிறுவனம் பதிந்து வைத்திருக்கும் பெயர். பரசிட்டமோல் என்பது பொதுப்பெயர். எந்த நிறுவனம் செய்தாலும் அந்த மருந்துக்கு அதுதான் பெயர். "இது என்ன?" என்ற கேள்விக்குப் பொதுப்பெயர் பதில் சொல்லும். "இது யாருடையது?" என்ற கேள்விக்கு வணிகக்குறி பதில் சொல்லும். வணிகக்குறி முதல் கேள்விக்கும் பதிலாகப் பழகிப்போய், இரண்டாவது கேள்வியையே மக்கள் மறந்துவிட்டால், அதைத்தான் குறி பொதுப்பெயராகிவிட்டது என்கிறோம். ரப்பர் செருப்பு எதுவானாலும் 'பாட்டா' என்பதும், களைகொல்லி எதுவானாலும் 'ரவுண்டப்' என்பதும் இந்த வகைதான்.

தன் பெயரை ஊரே சொல்வது ஒரு நிறுவனத்துக்கு நல்லதுதானே, அதை ஏன் தடுக்கப் பார்க்கிறார்கள்? காரணம் சட்டத்தில் இருக்கிறது. புதிய கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் காப்புரிமை குறிப்பிட்ட ஆண்டுகளில் முடிந்துவிடும். வணிகக்குறியைப் புதுப்பித்துப் புதுப்பித்து எத்தனை தலைமுறைக்கும் வைத்திருக்கலாம். ஆனால் அது குறியாக இருக்கும் வரைதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதைச் சொல்கிறது. தன் குறி பொதுப்பெயராக மாறுவதற்கு உரிமையாளரே வழிவிட்டாலோ, மாறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாலோ, நீதிமன்றம் அந்தக் குறியைப் பதிவிலிருந்து நீக்கலாம். சும்மா இருந்தாலே பறிபோகும் சொத்து இது. அதனால்தான் நிறுவனங்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுகின்றன, அகராதிக்காரர்களிடம் திருத்தம் கேட்கின்றன, பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு எழுத்தைப் போடுகின்றன.

அப்படிப் பறிபோன பெயர்களில் எல்லோரும் அறிந்தது இன்னொரு மாத்திரையின் பெயர்: அஸ்பிரின். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1899இல் வைத்த பெயர் இது. 'அசெட்டைல்' என்பதிலிருந்து 'அ', ஸ்பைரியா என்ற செடியின் பெயரிலிருந்து 'ஸ்பிர்', கடைசியில் அக்காலத்து மருந்துப் பெயர்களுக்கு வழக்கமாக வரும் 'இன்'. மருந்தின் உண்மையான வேதிப்பெயர் அசெட்டைல்சாலிசிலிக் அமிலம். காய்ச்சலோடு கடைக்கு வருகிறவர் வாயில் நுழையக்கூடிய பெயரா அது? சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

அமெரிக்காவில் 1915 வரை பேயர் பெரும்பாலும் அஸ்பிரினைத் தூளாகத்தான் விற்றது. வேறு நிறுவனங்கள் அந்தத் தூளை வாங்கி மாத்திரையாக்கித் தங்கள் பெயரில், 'அஸ்பிரின்' என்றே எழுதி விற்றன. வாங்கியவர்கள் பல கம்பனிகளின் பெயருக்குக் கீழே ஒரே சொல்லைப் பார்த்தார்கள். அஸ்பிரின் என்றால் ஒரு மருந்து என்று மனதில் பதிந்தது. அது ஒரு தனி நிறுவனத்தின் சரக்கு என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. 1917இல் காப்புரிமை முடிந்தது. யுனைட்டட் டிரக் என்ற நிறுவனமும் அஸ்பிரின் என்ற பெயரிலேயே மாத்திரை விற்க, வழக்கு வந்தது.

1921இல் நியூயோர்க்கில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் கொடுத்த தீர்ப்பை இன்றும் இத்துறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: வாங்குகிறவர்கள் அந்தச் சொல்லால் எதைப் புரிந்துகொள்கிறார்கள்? அவர் வாங்குகிறவர்களையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். மருத்துவர்களுக்கும் மருந்துக்கடைக்காரர்களுக்கும் வேதிப்பெயர் தெரியும். அவர்களுக்கு அஸ்பிரின் என்றால் பேயருடைய சரக்கு. அந்த வட்டத்துக்குள் குறி உயிரோடு இருக்கிறது. பொதுமக்களுக்கோ வேறு பெயரே தெரியாது. அவர்களிடம் விற்கும்போது யாரும் அஸ்பிரின் என்று சொல்லலாம். ஒரே சொல் ஒரு வட்டத்தில் குறியாகவும் இன்னொரு வட்டத்தில் பொதுப்பெயராகவும் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியாது. இந்தத் தீர்ப்பு அமெரிக்காவுக்கு மட்டுந்தான். ஜெர்மனியிலும் கனடாவிலும் அஸ்பிரின் இன்றும் பேயரின் குறியே.

அப்போது தோற்றது உண்மையில் ஜெர்மன் பேயர் அல்ல. முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசு பேயரின் அமெரிக்கச் சொத்தைக் கைப்பற்றி 1918இல் ஏலம் விட்டது. ஐம்பத்து மூன்று இலட்சம் டொலர் சுமாருக்கு அதை எடுத்தது ஸ்டேர்லிங் என்ற நிறுவனம். அஸ்பிரின் என்ற பெயரையும் சேர்த்துத்தான் வாங்கியது. மூன்றே ஆண்டில் அந்தப் பெயரின் தனியுரிமை கையை விட்டுப் போனது. அதே ஸ்டேர்லிங்கின் துணை நிறுவனம் ஒன்றுதான் 1956இல் பிரித்தானியாவில் பரசிட்டமோலைப் பெனடோல் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டது. பெனடோல் பின்னர் பல கை மாறி இப்போது ஹேலியன் நிறுவனத்திடம் இருக்கிறது.

இந்தத் தடவை ஒரு வித்தியாசம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து ஒவ்வொரு மருந்துக்கும் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொதுப்பெயரைத் தீர்மானித்து வெளியிட்டு வருகிறது. பரசிட்டமோல் அப்படி நிலைத்த பெயர். பாரா-அசெட்டைல்-அமினோ-பீனோல் என்ற நீண்ட வேதிப்பெயரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்துக் கோர்த்தது. அமெரிக்கர்கள் அதே நீண்ட பெயரிலிருந்து வேறு துண்டுகளை எடுத்து அசெட்டமினோபென் என்கிறார்கள். இரண்டும் ஒரே மருந்துதான். வாயில் நுழையும் பொதுப்பெயர் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது, வணிகக்குறிக்கு அந்த வேலையைச் சுமக்க வேண்டிய தேவை குறைகிறது. அதனால் பெயரைக் காக்க நினைக்கும் நிறுவனத்துக்கும் பொதுப்பெயர் பரவுவது இலாபமே. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நம் பக்கம் பெனடோல் பொதுப்பெயராகிவிட்டதா? பேச்சில் ஆகிவிட்டது. சட்டத்தில் ஆகவில்லை. பாமசிக்காரருக்கும் டொக்டரய்யாவுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரியும், பெட்டிகளும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. லேர்னட் ஹேண்ட் சொன்ன இரண்டு வட்டங்களை லயத்திலும் டிஸ்பென்சரியிலும் அப்படியே காணலாம்.

தமிழுக்கென்று இதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தெர்மஸ் என்ற பெயருக்காக அமெரிக்காவில் நடந்த வழக்கில், 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சொல் பொதுப்பெயராகிவிட்டது என்று உறுதிசெய்தது. மற்றவர்கள் அதைச் சிறிய எழுத்தில் எழுதலாம், பெரிய எழுத்தில் தொடங்கும் வடிவம் உரிமையாளருக்கே என்று பிரித்துவிட்டார்கள். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. பெனடோலை, பெனடோலுக்கு, பெனடோலால் என்று வேற்றுமை உருபும் ஒட்டிவிட்டால் அது பிறந்த வீட்டுச் சொல்லாகவே ஆகிவிடுகிறது. தமிழில் வித்தியாசம் காட்ட ஒரே வழி பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்ப்பதுதான்: 'பெனடோல் என்ற பரசிட்டமோல் மாத்திரை' என்று.

அந்த வித்தியாசத்தை நாம் காட்ட வேண்டியது நிறுவனத்துக்காக அல்ல, நம் ஈரலுக்காக. உடல்வலியும் காய்ச்சலுமாக ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறையில் பரசிட்டமோல் என்று எழுதி, இரண்டிரண்டாக ஒரு நாளைக்கு நான்கு தடவை என்று கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம் என்றால் ஒரு நாளைக்கு 4 கிராம். நல்ல உடல் எடையுள்ள பெரியவருக்கு அதுவே உச்ச அளவு. "ஆஸ்பத்திரி மருந்து வேலை செய்யல" என்று கடையில் பெனடோல் வாங்கி, காலையில் இரண்டு, இரவில் இரண்டு போடுகிறார். இப்போது 6 கிராம். போதாததற்குத் தடிமலுக்கு என்று வாங்கிய இன்னொரு மாத்திரையிலும் பரசிட்டமோல் கலந்திருக்கக்கூடும். அவர் கணக்கில் இது மூன்று வெவ்வேறு மருந்து. ஈரலின் கணக்கில் ஒன்றுதான்.

இதில் மோசமானது, முதல் நாள் ஒன்றுமே தெரியாது. கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான். அதையும் காய்ச்சலின் தலையில் போட்டுவிடுவோம். இரண்டு மூன்று நாள் கழித்து வலது விலாவுக்குக் கீழே வலி, கண் மஞ்சளாவது என்று வரும்போது ஈரல் கெட ஆரம்பித்திருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். ஆகவே கூடுதலாகப் போட்டது தெரிந்த உடனேயே, உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடை 50 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் 4 கிராமே அதிகம். கொழுந்து மலையில் வேலை செய்யும் மெலிந்த பெண்கள் டொக்டரிடம் தங்கள் எடையைச் சொல்லியே அளவு கேட்க வேண்டும்.

மருந்தைப் பொதுப்பெயரில் வாங்க வேண்டும் என்பது நம் நாட்டில் புதிதான பேச்சு அல்ல. பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டதே இந்த அடிப்படையில்தான். ஒசுசலவில் கிடைக்கும் மலிவான பரசிட்டமோல் மாத்திரையைத் தள்ளிவிட்டு, 'பெனடோல்தான் கேக்கும்' என்று கூடுதலாகக் காசு கொடுப்பவர் மருந்துக்கு அல்ல, பெயருக்கே கொடுக்கிறார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? மருந்துக்குப் 'பரசிட்டமோல் மாத்திரை' என்பதே போதும். 'காய்ச்சல் மாத்திரை' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது நல்லதல்ல, ஏனென்றால் டெங்குக் காய்ச்சலில் பரசிட்டமோல் போடலாம், அஸ்பிரினோ இபுபுரோபெனோ போடக் கூடாது, அவை இரத்தக் கசிவைக் கூட்டும். நிறுவனத்தின் பெயருக்கு 'வணிகக்குறி', எல்லோருக்குமான பெயருக்குப் 'பொதுப்பெயர்', முதலாவது இரண்டாவதாக மாறுவதற்குப் 'பொதுப்பெயராதல்'. கடையில் எந்த அட்டையை வாங்கினாலும் பெரிய எழுத்தில் உள்ள பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் பொதுப்பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சாகியிருக்கும். அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை மட்டும் வாங்கும்போது அந்த வரி பெரும்பாலும் மற்றத் துண்டோடு கடையிலேயே தங்கிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் ஒருதரம் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள்.