மானிட்டர் காட்டாத ஃபிரேமுக்கும் மீட்டர் ஓடும்

கணினி அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "பையன் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினதிலிருந்து கரண்ட் பில் ஏறிப்போச்சு. உள்ள ஏதோ கோளாறு, பாருங்க" என்று சொல்லி அழைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பவர் சப்ளை மேல்தான் சந்தேகப்படுவார்கள். போய்ப் பார்த்தால் அநேகமாக எல்லாப் பாகங்களும் நன்றாகவே இருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு இத்தனை ஃபிரேமுக்கு, அதாவது இத்தனை படத்துக்கு, மேல் வரையக் கூடாது என்று வைக்கும் வரம்பான ஃபிரேம் கேப் மட்டும் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டில் எடுத்த அளவுகளை வைத்தே இதைச் சொல்கிறேன். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ். பையன் தினமும் சுமார் 5 மணி நேரம் விளையாடுகிறான். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு வாட் மீட்டரைச் செருகினேன். மானிட்டரை வேறு பிளக்கில் மாற்றிவிட்டேன், கணினி எடுக்கும் மின்சாரம் மட்டும் தெரியட்டும் என்று. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது 75 வாட். அவன் வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து ஒரே இடத்தில் நின்றபோது எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு வரையும் ஃபிரேம்கள், 210, மீட்டரில் 450 வாட்.

அந்த மானிட்டர் நொடிக்கு 144 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு வரைந்த 210 ஃபிரேம்களில் மிச்சமுள்ள 66 முழுப் படமாகத் திரைக்கு வருவதே இல்லை. ஆனால் அவற்றை வரைந்த மின்சாரம் செலவானது செலவானதுதான்.

கேப்பை 141-இல் வைத்தேன். அதே இடம், அதே காட்சி. மீட்டர் 300 வாட்டுக்கு இறங்கியது. அப்புறம் 60-இல் வைத்துப் பார்த்தோம், 190 வாட்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போதே போகும் 75 வாட்டைக் கழித்துவிட்டால், விளையாட்டுக்கென்று செலவானது முதலில் 375 வாட், 141-இல் 225 வாட். ஃபிரேம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, மின்சாரமோ 40 சதவீதம் குறைந்தது. காரணம் வோல்டேஜ். சிப் எடுக்கும் மின்சாரம் அதன் கிளாக் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். கார்டை முழு வேகத்தில் விரட்டும்போது கடைசிச் சில மெகாஹெர்ட்ஸைப் பிடிக்க வோல்டேஜ் வெகுவாக ஏறுகிறது. கேப் போட்டதும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் கார்டுக்கு ஓய்வு கிடைக்கிறது, கிளாக் இறங்குகிறது, கூடவே வோல்டேஜும் இறங்குகிறது. அதனால் முதல் வெட்டில்தான் லாபம் அதிகம். 60-க்கு வரும்போது வோல்டேஜ் அதன் அடிமட்டத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குக் கீழே ஃபிரேமைக் குறைத்தாலும் அந்தக் கூடுதல் லாபம் கிடைப்பதில்லை.

சரி, பில்லில் இது எவ்வளவு? ஒரு மாதத்துக்கு 150 மணி நேரம். கேப் இல்லாமல் 67.5 யூனிட், 141-இல் 45 யூனிட், 60-இல் 28.5 யூனிட். முதல் மாற்றத்திலேயே மாதம் 22.5 யூனிட் மிச்சம். அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். உபயோகம் கூடக்கூட விலையும் ஏறும் ஸ்லாப் முறை உள்ள இடமென்றால், மிச்சமாவது கடைசியில் வரும் விலை கூடின யூனிட்கள்தான். ஏசி ஓடும் அறையென்றால் இன்னும் கொஞ்சம் சேரும். கணினி எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. குறைந்த அந்த 150 வாட் சூட்டை வெளியேற்ற ஏசி ஏறத்தாழ 50 வாட் எடுத்திருக்கும்.

"அண்ணா, கேப் போட்டா லேக் வருமே?" என்றான் பையன். நியாயமான கேள்வி. 210-இல் ஒரு ஃபிரேமுக்கு 4.8 மில்லிசெகண்ட், 141-இல் 7.1 மில்லிசெகண்ட். வித்தியாசம் 2.3 மில்லிசெகண்ட். அதே நேரம் கார்டு 99 சதவீதத்தில் திணறும்போது வரைய வேண்டிய ஃபிரேம்கள் வரிசையில் காத்துக்கிடக்கும், அதுவும் தாமதம்தான். கேப் போட்டால் அந்த வரிசை கரைந்துவிடுகிறது. போட்டிகளில் ஆடுகிறவர்கள் அந்த 2 மில்லிசெகண்டுக்காகக் கேப்பை எடுத்துவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். கதை விளையாட்டுக்கும் வீடு கட்டும் விளையாட்டுக்கும் அது தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. 60 மட்டும் வேறு கதை. அங்கே ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-க்குப் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரியும்.

141 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. மானிட்டரின் புதுப்பிப்பு வேகம் ஃபிரேமுக்கேற்ப மாறும் வசதி இயங்கும்போது, சரியாக 144-இல் கேப் வைத்தால் அவ்வப்போது எல்லையைத் தாண்டி, இரண்டு ஃபிரேம்களின் துண்டுகள் சேர்ந்து தெரிந்து படம் கிழிந்ததுபோல ஆகலாம். இரண்டு மூன்று குறைத்து வைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை.

வைக்கும் இடம் எளிது. விளையாட்டின் உள்ளேயே வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் என்விடியா கார்டுகளுக்கு NVIDIA Control Panel-இன் Manage 3D settings பக்கத்தில் Max Frame Rate. ஏஎம்டி கார்டுகளுக்கு Radeon Chill, அதன் இரண்டு எல்லைகளையும் ஒரே எண்ணில் வைத்தால் அது சாதாரண கேப்பாகவே வேலை செய்யும்.

கேப் போட்டும் வாட் இறங்கவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பார்ப்பேன். ஒன்று, அந்த விளையாட்டில் கார்டு கேப்பைத் தொடுவதே இல்லை. 90 எஃப்.பி.எஸ். மட்டுமே வரும் விளையாட்டுக்கு 141 கேப் எதையும் மிச்சம் பிடிக்காது. இன்னொன்று, யாரோ Power management mode-ஐ Prefer maximum performance என்று மாற்றி வைத்திருப்பார்கள். ஃபிரேம் குறையும், கிளாக் உச்சியிலேயே நிற்கும். என்விடியா கார்டில் இந்தக் கட்டளை நொடிக்கு ஒருமுறை காட்டிக்கொடுக்கும்:

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.gr,utilization.gpu --format=csv -l 1
```

இதில் சதவீதத்தை நம்பாதீர்கள். கேப் போட்ட பிறகும் 80 சதவீதம் காட்டலாம். அது இறங்கின கிளாக்கில் 80 சதவீதம். பார்க்க வேண்டியது வாட்டையும் கிளாக்கையும். இங்கே தெரியும் வாட் கார்டுக்கு மட்டும்தான், சுவரிலிருந்து போகும் மொத்தத்தை வாட் மீட்டர்தான் சொல்லும்.

கிளம்பும் முன் அவனை வழக்கம்போல விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போகச் சொன்னேன். சாப்பிடப் போகும்போது மெனுவிலேயே விட்டுப் போவது அவன் பழக்கம். கேப்பைத் தற்காலிகமாக எடுத்திருந்தேன். கிட்டத்தட்ட வெறும் எழுத்து மட்டுமே உள்ள அந்த மெனு 600 எஃப்.பி.எஸ்.ஸைத் தாண்டி ஓடியது, கார்டின் காயில்கள் மெல்லக் கீச்சிட்டன, மீட்டரில் 380 வாட். ஆளே இல்லாத நாற்காலிக்கு முன்னால் ஒரு மணி நேரம் அப்படிக் கிடந்தால் 0.38 யூனிட். கேப்பை 141-க்குத் திரும்ப வைத்து, Background Application Max Frame Rate-ஐ 30 ஆக்கி, அவனையே Alt+Tab அழுத்தி வெளியே வரச் சொன்னேன். கீச்சுச் சத்தம் நின்றது. மீட்டர் 110 வாட்டில் வந்து நின்றதை அவனும் அவன் அம்மாவும் குனிந்து படித்தார்கள்.