கணவரின் மாற்றலால் விட்ட வேலை: நேர்காணலில் அந்த ஆண்டுகளை எப்படிச் சொல்வது?

கோயம்புத்தூரில் நிறுவனங்களுக்கு ஆள் எடுத்துத் தரும் என்னிடம், கடந்த ஆண்டு கணக்கர் ஒருவர் வந்தார். நூற்பாலை ஒன்றில் ஆறு ஆண்டுகள் கணக்குப் பார்த்தவர், விமானப்படையில் பணிபுரியும் கணவருக்கு மாற்றலானதால் 2016 மே மாதம் வேலையை விட்டிருந்தார். அதன்பின் ஜோத்பூர், ஜோர்ஹாட் என்று இருந்துவிட்டு, இப்போது சூலூருக்கு வந்திருக்கிறார்கள்.

அவருடைய தன்விவரக் குறிப்பில் பழைய வேலை 2018 வரை நீண்டிருந்தது. இடைவெளி சிறிதாகத் தெரியட்டும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அப்படி எழுதியிருந்தார். வருங்கால வைப்புநிதிக் கணக்கின் பணி வரலாற்றில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகியிருக்கும் என்பதால், பின்னணிச் சரிபார்ப்பில் இது எளிதில் தெரிந்துவிடும். இடைவெளியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள்கூடத் தேதியை மாற்றியவரை ஏற்பதில்லை. ஆகவே உண்மையான தேதிகளைப் போட்டு, "கணவரின் பணிமாற்றல் காரணமாக 2016 முதல் வேலையில் இல்லை, குடும்பம் இப்போது கோவையில் இருக்கிறது" என்று மட்டும் எழுதச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் தொனியோ நீண்ட விளக்கமோ அங்கே தேவையில்லை.

நேர்காணல் செய்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் வேறொரு கேள்வி: மீண்டும் மாற்றல் வந்தால் இவர் போய்விடுவாரா? அதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நாமே சொல்லிவிடுவது நல்லது. மகள் ஒன்பதாம் வகுப்பில் இருப்பதால், மாற்றல் வந்தாலும் கணவர் மட்டும் போவதென்று இவர்கள் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்; அதையே அவர் சொன்னார். அப்படி முடிவெடுக்காதவர்கள், எவ்வளவு காலம் இங்கே இருப்போம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

உண்மையில் கடினமாக இருந்தது தொழில் மாறியிருந்ததுதான். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது அவர் பணியில் இல்லை. சான்றிதழ் வகுப்பில் சேரவா என்று கேட்டார். வகுப்பு தவறில்லை, ஆனால் செய்து பார்த்த வேலைக்கு அது ஈடாகாது என்பது என் அனுபவம். அதனால் அண்ணனின் உதிரிபாகக் கடையில் மூன்று மாதக் கொள்முதல் பில்களை எடுத்து, விற்றவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் தாக்கல் செய்த பில்களைக் காட்டும், ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வெளியாகும் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விற்றவர் தாக்கல் செய்யாததால் அறிக்கையில் வராத பில்களையும், எண் தவறிப் பதிவானவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, கொள்முதலில் கட்டிய வரிக்கு இப்போது கழிவு எடுக்க முடியாத தொகையைக் கணக்கிட்டார்.

கடையின் பெயரை மறைத்து அந்தத் தாளை நேர்காணலுக்கு எடுத்துச் சென்றார். கணக்குப் பிரிவு மேலாளர் இடைவெளியைப் பற்றி இரண்டு நிமிடமும், அந்தத் தாளைப் பற்றி அரைமணி நேரமும் கேட்டாராம்.

பழைய மூத்த கணக்கர் பொறுப்பு கிடைக்கவில்லை. ஒருபடி கீழேதான் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் பொறுப்பையும் ஊதியத்தையும் மறுபரிசீலனை செய்வதாக வாய்மொழியாகச் சொன்னதைப் பணி ஆணையிலேயே எழுதித் தரும்படி கேட்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார்கள்.