திரையில் பழகியவரை நேரில் சந்திக்கும்போது

நிறுவனங்களில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு, வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கம் பரவிய பிறகு ஒரு முறையீடு அடிக்கடி வருகிறது. மாதக்கணக்கில் வீடியோ அழைப்பில் பேசிப் பழகிய சக ஊழியர், நேரில் பார்த்தபோது வேறு யாரோ போல இருந்தார் என்பதே அது. உயரமும் உடல்வாகும் எதிர்பார்த்தபடி இல்லாதது சிறு வியப்புதான். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். ஆனால் அவருடைய குணத்தைப் பற்றித் திரை வழியே நாம் எழுப்பிக்கொண்ட மதிப்பீட்டில், கருவியின் கோளாறும் கலந்திருக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை.

சென்னையில் ஒரு மென்பொருள் குழுவின் தலைவி, நாகர்கோவிலில் வீட்டிலிருந்து பணிபுரிந்த தன் குழு உறுப்பினரைப் பற்றி ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பில், "கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை, கேட்டால் தயங்கித்தான் பதில் வருகிறது" என்று எழுதி வைத்திருந்தார். பிறகு அவர் சென்னைக்கு வந்தபோது, தலைவியின் புகார் தலைகீழாக மாறியது: "நான் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிறார்." ஒரே மனிதர், திரையில் தயங்குபவராகவும் நேரில் அவசரக்காரராகவும் தெரிந்தார்.

முதல் புகாருக்குக் காரணம் அவருடைய மேசையில் இருந்தது. மடிக்கணினியை ஓரமாக வைத்து அதன் கேமராவைப் பயன்படுத்திய அவர், தலைவியின் முகத்தை எதிரே இருந்த பெரிய திரையில் பார்த்துப் பேசினார். அவர் உண்மையாகவே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மறுமுனையில் பக்கவாட்டில் எங்கோ பார்ப்பதாகத் தெரிந்தது. ஒரே கணினியைப் பயன்படுத்தினாலும் இது முழுவதும் நீங்காது. கேமராவுக்கு 10 சென்டிமீட்டர் கீழே உள்ள முகத்தை 55 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், பார்வை சுமார் 10 பாகை தாழ்ந்துவிடும்.

தயக்கம் என்று தலைவி எண்ணியதன் கதை இன்னும் நுட்பமானது. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று காட்டியது. இணைய அழைப்பில் குரல் ஒரு பக்கம் செல்ல 150 மில்லி நொடி ஆவது நல்ல இணைப்பு என்றே கருதப்படுகிறது. ஆனால் கேள்வி சென்று பதில் திரும்ப அது இரட்டிப்பாகி, இயல்பான இடைவெளியைத் தாண்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் மௌனத்தை யாரும் இணைப்பின் கணக்கில் எழுதுவதில்லை, ஆளின் கணக்கில்தான் எழுதுகிறோம். 2014-இல் ஜெர்மனியில் நடந்த பரிசோதனையொன்றில், தாமதமான இணைப்பில் பேசியவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று மறுமுனையிலிருந்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

இரண்டாவது புகாரும் இதிலிருந்தே பிறந்தது. அழைப்புகளில் குரல்கள் மோதிக்கொள்ளக் கூடாதென்று, தலைவி ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் சற்று நிறுத்திப் பேசப் பழகியிருந்தார். நேரில், எதிரே இருந்தவருக்கு அந்த நிறுத்தம் "நீங்கள் பேசலாம்" என்ற சைகையாகப் பட்டது; அவரும் பேசினார். இத்தகைய பழக்கங்கள் நேருக்கு நேரும் சில மணி நேரம் தொடர்கின்றன: தேவைக்கு மேல் தலையசைப்பது, உரக்கப் பேசுவது, இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவது. (அறைக்குள் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

ஆகவே முதல் நாள் காலையிலேயே இருவரையும் கூட்ட அறையில் எதிரெதிரே உட்கார வைக்க வேண்டாம் என்று சொல்வேன். அது திரையின் அமைப்பேதான். முகம் மட்டும் தெரியும், பார்வையை விலக்க இடமிருக்காது. பக்கத்துக் கடை வரை தேநீருக்கு நடந்து போவது நல்லது. பக்கவாட்டில் நடக்கும்போது மௌனம் உறுத்துவதில்லை, கண்ணைப் பார்த்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்து, வெள்ளைப் பலகையின் முன் நின்று ஒரு வேலையைச் சேர்ந்து வரையலாம். பணி மதிப்பீடு, ஊதியம் போன்ற பேச்சுகளை மறுநாளுக்குத் தள்ளி வைப்பது இருவருக்கும் நியாயம்.

எல்லாவற்றுக்கும் கருவியே காரணமென்று விட்டுவிடவும் முடியாது. மறுநாளும் குறுக்கீடு குறையவில்லை, மற்றவர்களிடமும் அவர் அப்படித்தான் பேசுகிறார் என்றால் அது அவருடைய பழக்கம். அதைத் தனியே சொல்லித் திருத்தச் சொல்லலாம். மேலே சொன்ன குழுவில், மறுநாள் மதியத்துக்குள் இருவரின் பேச்சும் சீராகிவிட்டது. கண்ணைப் பற்றியும் தயக்கத்தைப் பற்றியும் எழுதிய வரியைத் தலைவி குறிப்பிலிருந்து நீக்கினார். வேலை தாமதமாவதை முன்கூட்டியே தெரிவிப்பதில்லை என்ற வரியை அப்படியே வைத்துக்கொண்டார்.